நான்காம் நாள் எடை

அன்புள்ள நண்பருக்கு,

"பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்" என்று நேற்று முன்தினம் இரவு நீங்கள் அனுப்பிய சேதியைப் பார்த்ததும் உடனே கூப்பிடத்தான் போனேன். பிறகு, இந்நேரம் உங்கள் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், நான் வேறு எதற்கு என்று விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கை ஒழிந்தபோது படியுங்கள். பதில் எழுத வேண்டும் என்ற கவலை வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் வீட்டார் எல்லோருடைய வாழ்த்துகளும். கூடவே நீங்கள் அனுப்பிய படத்தை என் மனைவி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் பாதி துணிக்குள் இருக்கிறது. தெளிவாகத் தெரிவது மூடிய கை ஒன்றுதான். அதற்குள் உங்கள் விரல் நுனி மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் அவர்களிடமிருந்து விரலை விடுவித்துக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை!

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். ஆறு வருஷம் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவன் நான். கூட்டிய கணக்கை மூன்றாம் முறையும் கூட்டிப் பார்க்காமல் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. அப்படிப்பட்டவர் கையில் எடைச்சீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால், அந்த விஷயத்தில் நானும் உங்கள் ஜாதிதான்.

என் மகன் பிறந்தபோது 3 கிலோ 100 கிராம். நான்காம் நாள் நிறுத்தபோது 2 கிலோ 870. பிறந்த பிள்ளை ஏற வேண்டாமா, 230 கிராம் இறங்கியிருக்கிறதே என்று எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பார்க்க வந்த ஒருவர், பால் போதவில்லை, பால்பவுடர் வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு என் மனைவி அழத் தொடங்கினாள். நான் பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசலில் மறித்தவர் அங்கிருந்த வயதான நர்ஸ் அம்மா. "எவ்வளவு குறைஞ்சதுன்னு அப்புறம் பார்க்கலாம். நேத்துலேர்ந்து எத்தனை தடவை நனைச்சான்? வெளிக்கி என்ன நிறம்?" என்றார். எனக்கு இரண்டுமே தெரியாது. தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, பிள்ளையைப் பார்க்கவில்லை.

உட்காரவைத்து அவர் சொன்னது இதுதான். குழந்தை பிறக்கும்போதே உடம்பில் கொஞ்சம் கூடுதல் நீரோடு பிறக்கிறது. அது முதல் நாட்களில் வெளியேறிவிடும். அந்த நாட்களில் சுரக்கும் சீம்பாலோ கரண்டிக் கணக்குதான். பிள்ளையின் வயிற்றுக்கு அதுவே சரியான அளவு. மூன்று, நான்கு நாளில்தான் பால் நன்றாக இறங்கும். அதுவரை எடை குறைவது இயல்பு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால்தான் மருத்துவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். என் மகனுக்கு அந்தப் பத்தில் ஒன்று 310 கிராம். குறைந்ததோ 230.

கணக்கு சொன்னதோடு அவர் விட்டுவிடவில்லை. அடுத்த முறை பால் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். வலிக்கிறதா என்று மனைவியிடம் கேட்டார். வலிக்கிறது என்றதும், பிள்ளை காம்பை மட்டும் பிடித்து இழுக்கிறது, அதனால்தான் வலியும், பால் சரியாக வராததும் என்றார். பிள்ளை வாயை நன்றாக அகலத் திறக்கும்வரை காத்திருந்து, மோவாய் மார்பில் படும்படி அணைத்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் 'க்ளுக், க்ளுக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. அதுவரை அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து நனைத்த கணக்கு என் பொறுப்பு. ஒரு பழைய நோட்டில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றிரண்டு தடவை நனைத்தாலே போதும். பிறகு கூடிக்கொண்டே போய், ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டயப்பர் போடுகிறீர்கள் என்றால் நனைந்ததா இல்லையா என்பதே சில சமயம் தெரியாது. காய்ந்த டயப்பர் ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் பிடிபட்டுவிடும். மலம் முதலில் தார் போலக் கறுப்பாக இருக்கும், பிறகு பச்சை கலந்து வரும், ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகிவிடும். எங்கள் வீட்டில் அந்த மஞ்சளைக் கண்டு சந்தோஷப்பட்டதைப் போல வேறு எந்த நிறத்துக்கும் நாங்கள் சந்தோஷப்பட்டதில்லை.

ஐந்து நாள் ஆகியும் கறுப்பாகவே போனால், நனைப்பது குறைந்தால், பால் குடிக்கக்கூட எழுப்ப முடியாமல் தூங்கினால், தோலின் மஞ்சள் கால்வரை இறங்கினால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம்.

நான் செய்த ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏறி நிற்கும் எடைமெஷினில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துப் பார்த்தேன். காலையில் 200 கிராம் கூடியிருந்தது, மாலையில் 100 குறைந்திருந்தது. அந்த மெஷினுக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. காலை வேளை போர்வையோடு வேறு நிறுத்திருக்கிறேன். நிறுப்பதென்றால் ஒரே தராசில், துணியில்லாமல், மருத்துவரிடம் போகும்போது மட்டும் நிறுக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் நாள் அப்படி நிறுத்தபோது 3 கிலோ 110. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடுவார்களாம்.

இன்னொன்று. அந்த நான்காம் நாள் என் மனைவி அழுதது பால்பவுடர் பேச்சால் மட்டும் இல்லை என்று பின்னால்தான் புரிந்தது. பால் இறங்கும் அதே நாட்களில், காரணமே இல்லாமல் கண் கலங்குவது நிறையத் தாய்மார்களுக்கு உண்டு. சில நாளில் தானாகத் தெளிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எடையைச் சத்தமாகப் படிக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றும்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. மகன் என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். அலமாரியை ஒழிக்கும்போது அந்தப் பென்சில் நோட்டு அகப்பட்டது, "இதென்னப்பா ஸ்கோர்?" என்று கேட்டான். சொன்னேன். பிடுங்கிக்கொண்டு போய் ஒளித்துவைத்திருக்கிறான்.

நீங்கள் சொல்லும் நாளில் வந்து குழந்தையைப் பார்க்கிறோம். ஒரு மாதம் கழித்து என்றாலும் சரி. பெயர் வைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். குழந்தையின் அம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய எதிர்மேசைக்காரன்