கடனில் பங்கு வாங்குவோருக்கு ரூபாய்க் கணக்கைக் காட்டுங்கள்: செபிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செபி தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எம்டிஎஃப் எனப்படும் மார்ஜின் கடன் வசதி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

என் தம்பி தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் போட்டு, தரகு நிறுவனத்திடம் மூன்று லட்சம் கடன் பெற்று, 400 ரூபாய் விலையில் 1,000 பங்குகள் வாங்கினான். வாங்கிய பங்குகளை அடமானம் வைப்பதற்கு வந்த ஓடிபியைப் பதிந்ததோடு வேலை முடிந்தது. வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 123 ரூபாய். 60 நாளில் வட்டி 7,400 ரூபாய் ஆனபோது, பங்கின் விலை 360-க்கு இறங்கியிருந்தது.

பங்கு இறங்கியது பத்து சதவீதம்தான். ஆனால் 3,60,000 ரூபாய் மதிப்பில் கடனையும் வட்டியையும் கழித்தால், அவனுக்கு மிஞ்சியது 52,600 ரூபாய். பங்குகளின் மதிப்பில் 25 சதவீதம் மார்ஜினாக, அதாவது சொந்தப் பணமாக 90,000 ரூபாய், இருந்தாக வேண்டும் என்பதால், குறைந்த 37,400 ரூபாயைக் கட்டச் சொல்லிக் காலையில் குறுஞ்செய்தி வந்தது. அவனால் புரட்ட முடியவில்லை. மிஞ்சும் பங்குகளின் மதிப்பில் சொந்தப் பணம் மீண்டும் 25 சதவீதம் ஆகும்படி, நிறுவனம் 416 பங்குகளை 360-க்கு விற்றுக் கடனில் வரவு வைத்துக்கொண்டது.

எனக்கு மிகவும் வலித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். சில நாட்களில் விலை மீண்டும் 400-ஐத் தொட்டது. சொந்தப் பணத்தில் மட்டும் 250 பங்குகள் வாங்கியிருந்தால் அவனுடைய ஒரு லட்சம் அப்படியே இருந்திருக்கும். மாறாக, மிஞ்சிய 584 பங்குகளையும் விற்றுக் கடனை அடைத்தபோது 76,000 ரூபாய்கூடக் கைக்கு வரவில்லை. விலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பியும், இறக்கத்தில் விற்கப்பட்ட பங்குகளின் நஷ்டமும் வட்டியும் திரும்பவில்லை.

சந்தை தடுமாறும்போது ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கணக்கிடப்படும் மார்ஜின் சதவீதமும் உயரக்கூடும் என்பதால், பணம் குறையும் நாளிலேயே கூடுதல் பணமும் கேட்கப்படுகிறது. 2024 ஜூன் 4 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 5.74 சதவீதம் சரிந்தது. முதலீட்டில் முக்கால்வாசியைக் கடனாக வைத்திருந்தவருக்கு, அதே அளவு சரிவு சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 23 சதவீத இழப்பாகும்.

இந்த வசதியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அபாய அறிவிப்பு பல பக்க ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. வாங்கும் திரையில் இல்லை. ஓடிபி கேட்பதற்கு முன்பே, வாடிக்கையாளரின் மொழியில், தினசரி வட்டி எவ்வளவு, விலை பத்து சதவீதம் இறங்கினால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும், எந்த விலையில் சொந்தப் பணம் முழுதும் தீரும் என்பவற்றை ரூபாயில் காட்டுமாறு தரகு நிறுவனங்களுக்கு ஆணையிடுங்கள். கடைசியாகச் சொன்ன விலையை நாள்தோறும் திருத்திக் காட்ட வேண்டும்; என் தம்பிக்கு வாங்கிய அன்று 300 ரூபாயாக இருந்த அந்த விலை, வட்டி சேர்ந்து 60-ஆம் நாளில் 307-ஐத் தாண்டியிருந்தது, அது அவனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு சிறு முதலீட்டாளர்