மூன்று கோயில்களும் ஒரு கேள்வியும்: திருகோணமலை வலயச் சைவநெறி ஆசிரிய ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

பாடத்தை முதலில் முடித்துவிடும் பிள்ளைக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம்? இன்னொரு பதிகம் மனனம், இன்னும் இரண்டு பக்கக் குறிப்பு. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். பிள்ளைகளின் கை வேகமாகியது, யோசனை அங்கேயே நின்றது. பத்தாம், பதினோராம் தரத்துக்கான மேலதிகச் செயற்பாடுகளில் மெய்யியல் புதிர்களையும் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் கொடுத்துப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கிரேக்க எழுத்தாளர் புளூட்டாக் எழுதிவைத்த தெசியுசின் கப்பல் பழைய புதிர். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பலா? கழற்றிய பலகைகளால் இன்னொரு கப்பலைக் கட்டினால் எது உண்மையானது என்று பின்னர் ஆங்கில மெய்யியலாளர் ஹொப்ஸ் கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்குக் கப்பல் வேண்டாம், கோணேசர் மலை போதும்.

1624 இல் போர்த்துக்கேயர் அந்த மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்தார்கள். கற்கள் கோட்டைக்குப் போயின. சில மூர்த்தங்கள் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோகப்பட்டதாக ஐதிகம். 1950 இல் நிலத்தடியில் வெண்கல மூர்த்தங்கள் கிடைத்தன, 1963 இல் மலையில் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. சம்பந்தர் பாடிய கோயில் இன்று எங்கே இருக்கிறது: கோட்டைச் சுவரிலா, தம்பலகாமத்திலா, மலையிலா?

முதலில் பிள்ளை ஒரு விடையையும் அதற்கான விதியையும் ஒரே வசனத்தில் எழுத வேண்டும். "இடம்தான் கோயில்" என்று ஒருத்தி எழுதினாள். அப்போது ஆசிரியர் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றுவார்: அந்த இடத்தைக் கடல் அரித்துவிட்டால்? அவள் விதியைத் திருத்தினாள், "மூர்த்தம்தான்" என்று. மூர்த்தமும் உடைந்தால்?

இங்கேதான் பாடம் உள்ளே வருகிறது. திருப்பணிக்கு முன் இறைசாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகித்துப் பாலாலயத்தில் வைப்பதைப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் கோயிலைக் கோயிலாக்குவது கல் அல்ல, சாந்நித்தியம். சரி, பாலாலயம் செய்யாமலே இடிபட்ட கோயிலின் சாந்நித்தியம் என்னானது? எங்கும் நிறைந்த இறைவனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது என்றால் என்ன பொருள்? அந்த மாணவி இரண்டு நாள் கழித்து வந்து, "மாறுறது கடவுளில்ல சேர், எங்களுக்கு வெளிப்படுற இடம்" என்றாள். பாலில் நெய் போல மறைந்தும் தயிரில் நெய் போல விளங்கியும் நிற்பதாகச் சைவசித்தாந்தம் சொல்வதை அதற்குப் பிறகுதான் காட்டினேன். முன்கூட்டிக் காட்டியிருந்தால் அதைப் பார்த்தெழுதியிருப்பாள்.

கெட்டுப்போகும் இடமும் உண்டு. நிபந்தனையை மாற்றியும் விடை அசையவில்லை, காரணமும் கூடவில்லை என்றால் பிள்ளை யோசிக்கவில்லை. "எல்லாம் அவரவர் நம்பிக்கை" என்பது அப்படியான விடை. புள்ளியை முடிவுக்கு இடாமல், விதியை எப்படித் திருத்தினார்கள் என்பதற்கு இட வேண்டும்.

அடுத்த தவணைச் சேவைக்காலப் பயிற்சியில் இப்படி ஒரு புதிரையாவது ஆசிரியர்களோடு செய்து பாருங்கள். என் தாள்களை அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
சைவநெறி ஆசிரியர் ஒருவர்
திருகோணமலை