ஊதச் சொல்வதற்கு முன்னும் பின்னும்: அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் மேலாண்மை இயக்குநர்களுக்கும், அங்குள்ள தொழிற்சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவன். என்னிடம் வருபவர்களில் பேருந்து ஓட்டுநர்களும் உண்டு. பெரும்பாலும் வேலைக்கு ஆபத்து வந்த பிறகுதான் வருகிறார்கள். அதற்கு முன்னால் அவர்கள் வருவதற்கு உங்கள் விதிமுறையில் ஒரு வழி வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஐம்பது அறுபது பேரை ஏற்றிச் செல்லும் வண்டியைக் குடித்தவர் எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்த இரக்கமும் கிடையாது. டூட்டிக்கு முன் ஊதிப் பார்க்கும் சோதனையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அந்தச் சோதனையை எப்படிச் செய்வது, அதன் முடிவை வைத்து என்ன செய்வது என்பதில்தான் திருத்தங்கள் தேவை.

முதலில், நேற்றைய குடி இன்றைய டூட்டிக்குள் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஒருவர், மறுநாள் காலை 5 மணிக்கு வண்டி எடுக்க வேண்டியவர், இரவு 10 மணிக்குள் ஒரு குவார்ட்டர் குடித்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 மில்லி, 42.86 சதவீதம் ஆல்கஹால். அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 61 கிராம். அவர் உடம்பில் 100 மில்லி ரத்தத்துக்கு 135 மில்லிகிராம் அளவுக்கு அது ஏறும். சராசரி ஆளின் கல்லீரல் மணிக்கு 15 மில்லிகிராம் வீதம்தான் அதைக் குறைக்கும். ஏழு மணி நேரத்தில் 105 குறைந்து, காலை 5 மணிக்கு இன்னும் 30 மிச்சம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு சொல்லும் வரம்பே அந்த 30தான். கல்லீரல் கொஞ்சம் மெதுவாக வேலை செய்பவருக்கு அது 50ஐத் தாண்டும். இரண்டு குவார்ட்டர் குடித்தவருக்கு விடியற்காலையில் 150க்கு மேல் இருக்கும். பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், கட்டன் காபி குடித்தாலும், எலுமிச்சைச் சாறு குடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த மனிதர் காலையில் குடிக்கவில்லை. தூங்கி எழுந்து, பல் துலக்கி, "நேத்து குடிச்சதுதானே" என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு வருகிறார். அவரை வண்டி எடுக்க விடக் கூடாது, சரி. ஆனால் இந்தக் கணக்கை அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? 'மது அருந்திவிட்டுப் பணிக்கு வரக் கூடாது' என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவதோடு நிறுத்தாமல், 'காலை 5 மணி டூட்டி என்றால் முந்தின நாள் மாலையே குடி கூடாது' என்று எழுதுங்கள். விமானிகளுக்கு, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் குடிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. வெளியூர் வண்டி ஓட்டுபவர்கள் பலர் இரவில் ஓய்வறையின் கொசுக்கடியிலும் வெக்கையிலும் தூக்கம் பிடிப்பதற்காகக் குடிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஓய்வறைக்கு ஒழுங்கான மின்விசிறியும் கொசுவலையும் கொடுப்பதும் இந்த விதிமுறைக்குள் வர வேண்டிய செலவுதான்.

அடுத்தது, ஊதும் கருவி. 2025 பிப்ரவரியில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில், ரயில் ஓட்டுநர்கள் டூட்டிக்கு முன் இளநீர், குளிர்பானம், சில பழங்கள், இருமல் மருந்து, ஹோமியோபதி மருந்து எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. கருவி தவறாகக் காட்டுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. எதிர்ப்பு கிளம்பியதும் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் கேரள அரசுப் பேருந்துக் கழகத்தின் பந்தளம் பணிமனையில், குடிக்காத ஊழியர்கள் சிலர் சோதனையில் சிக்கினார்கள். காரணம், காலையில் சாப்பிட்ட நன்றாகப் பழுத்த பலாச்சுளை. குடிக்காத ஒருவரை முதலில் ஊத வைத்து, பிறகு பலாச்சுளை சாப்பிடக் கொடுத்து மறுபடி ஊத வைத்தபோது விஷயம் தெளிவானது.

இதில் மர்மம் ஏதும் இல்லை. நுரையீரலிலிருந்து வரும் காற்றில் உள்ள ஆல்கஹாலை அளந்து, அதிலிருந்து ரத்த அளவைக் கருவி கணக்கிடுகிறது. வாயில், பல்லிடுக்கில், நாக்கில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலையும் ரத்தத்திலிருந்து வந்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். புளித்த பழச்சாறு, வாய் கொப்பளிக்கும் மருந்து, ஆல்கஹாலில் கரைத்த ஹோமியோ சொட்டு, இருமல் சிரப், கையில் தேய்த்த சானிடைசரின் ஆவி எல்லாம் இப்படித்தான் ஏமாற்றும். மலிவான குறைகடத்தி உணரி உள்ள கருவி என்றால் பட்டினி கிடப்பவர், கட்டுக்குள் வராத சர்க்கரை நோயாளி ஆகியோர் மூச்சில் வரும் அசிட்டோனுக்கும் எண்ணைக் காட்டிவிடும். எரிபொருள் மின்கல உணரி அசிட்டோனிடம் ஏமாறாது. ஆனால் வாயில் ஒட்டிய ஆல்கஹாலை அதனாலும் பிரித்துப் பார்க்க முடியாது.

பிரித்துப் பார்க்க மிக எளிய வழி ஒன்று உண்டு. வாயைத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி, எதையும் சாப்பிடாமல், புகைக்காமல் 15 நிமிடம் ஒருவர் கண்பார்வையில் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்லுங்கள். ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் கால் மணி நேரத்தில் நான்கு மில்லிகிராம் அளவுக்குத்தான் குறையும். முதலில் 40 காட்டிய கருவி இரண்டாம் முறை 36 காட்டினால் அவர் குடித்திருக்கிறார். இரண்டாம் முறை 0 காட்டினால் முதல் எண் வாயிலிருந்து வந்தது. விமானிகளுக்கு இந்த இடைவெளியும் இரண்டாம் சோதனையும் விதியிலேயே இருக்கின்றன. பேருந்து ஓட்டுநருக்கும் அந்த 15 நிமிடத்தைக் கொடுங்கள். வண்டி கிளம்பத் தாமதமாகும் என்று கிளை மேலாளர் சொல்லக்கூடும். அந்த வண்டிக்கு மாற்று ஓட்டுநரை அனுப்பிவிட்டு இவரை உட்கார வையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் புது ஊதுகுழல் வேண்டும். ஊதுவதற்கு முன் கருவி 0 காட்டுவதை ஓட்டுநரே பார்க்க வேண்டும். கருவியைக் கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தார்கள் என்ற சான்று அந்த அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்க வேண்டும். அச்சாகி வரும் சீட்டில் ஒரு பிரதி அவர் கைக்குப் போக வேண்டும்.

அப்போதும் அவர் "நான் குடிக்கவே இல்லை" என்றால், இரண்டு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுக்க வேண்டும். இதில் ஒரு சிறிய விஷயத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால், எடுத்த ரத்தத்தின் மீதே கேள்வி எழும். ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினியால்தான் துடைக்க வேண்டும். ரத்தத்தை சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே கிருமிகள் சர்க்கரையைப் புளிக்க வைத்து ஆல்கஹாலை உண்டாக்கிவிடலாம். குப்பியில் முத்திரை வைத்து, அதன்மேல் ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாடை, தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. இத்தனை பக்குவமாகச் செய்த சோதனைதான் பிறகு விசாரணையிலும் நிற்கும். அதனால் இது நிர்வாகத்துக்கும் பாதுகாப்பு.

இங்கே நான் கேட்கும் முக்கியமான மாற்றம் ஒன்று இருக்கிறது. 'இன்று வண்டி எடுக்க வேண்டாம்' என்பது ஒரு முடிவு. 'இவர் குற்றம் செய்தார்' என்பது வேறு முடிவு. முதல் முடிவுக்குச் சந்தேகமே போதும். எண் 5 காட்டினாலும் சரி, எதுவுமே காட்டாமல் கண் சொருகினாலும் சரி, நிறுத்துங்கள். இரண்டாவதற்கு உறுதியான சான்று வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி, ஒரே ஊதலில் பணியிடை நீக்க உத்தரவு அடிக்கும்போது, நேர்மையான ஓட்டுநர்களுக்குச் சோதனை மீதே நம்பிக்கை போய்விடுகிறது. பொய் சொல்பவருக்கு அந்த அவநம்பிக்கை நல்ல கேடயமாகிறது.

கருவி 0 காட்டினால் எல்லாம் சரி என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு மருத்துவனாக எனக்கு அதிகம் பயம் தருவது இந்த 0தான். பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர், சோதனைக்குப் பயந்து திடீரென்று ஒரே நாளில் நிறுத்துகிறார். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் ஆனதிலிருந்து இரண்டு நாளுக்குள் அவருக்கு வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் சித்தப் பிரமையும் வரலாம். அந்த நேரத்தில் ஊதினால் சுத்தமாக 0 காட்டும். ஆனால் கை நடுங்கும், வியர்க்கும், நாடி வேகமாக ஓடும், முந்தின இரவு கண்ணை மூடியிருக்க மாட்டார். அவரை "இன்னிக்கு சுத்தமா வந்திருக்கார்" என்று வண்டியில் ஏற்றி அனுப்பினால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வலிப்பு வரலாம். எனவே ஊத வைப்பவர் எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்க்க வேண்டும். இரு கைகளையும் நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகள், பதற்றத்துக்குப் போடும் டயசிபாம் போன்றவையும் இந்தக் கருவியில் தெரியாது. கஞ்சாவுக்கான சிறுநீர்ச் சோதனையில் சிக்கல் தலைகீழானது. தொடர்ந்து புகைத்தவருக்கு, நிறுத்தி வாரக்கணக்கில் ஆன பிறகும் அது பாசிட்டிவ் காட்டலாம். அவர் இன்று போதையில் இருக்கிறாரா என்று அது சொல்லாது.

இனி, குடிநோய் முற்றியவரை என்ன செய்வது? ஊதுவதற்கு முன், "சார், இன்னைக்கு என்னால வண்டி எடுக்க முடியாது, எனக்கு இந்தப் பிரச்சினை இருக்கு" என்று ஒருவர் தானாக வந்து சொன்னால், அவர் மேல் குறிப்பாணை வரக் கூடாது. இந்த ஒரு வரி உங்கள் சுற்றறிக்கையில் எழுத்தில் இருக்க வேண்டும். குடியையும் போதைப்பொருளையும் உடல்நலப் பிரச்சினையாக நடத்த வேண்டும், உதவி கேட்பவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996 வழிகாட்டு நெறி சொல்கிறது. நம் சென்னையிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை 1980-லிருந்து இந்தச் சிகிச்சையைத் தருகிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் தொடங்கலாம்.

குடியை நிறுத்தும் முதல் வாரம் பத்து நாள் மாத்திரைகளோடு, சிலருக்கு மருத்துவமனையிலேயே, கழியும். அந்த மாத்திரைகளே தூக்கம் தருபவை. அவற்றைச் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது. அதன் பிறகு சில மாதங்களுக்கு பணிமனைக்குள் வேலை கொடுங்கள், அடிப்படைச் சம்பளம் குறையாமல். மருத்துவர் 'வண்டி ஓட்டலாம்' என்று மட்டும் எழுதித் தரட்டும். நோயின் விவரம் கிளை மேலாளர் மேசைக்கு வரத் தேவையில்லை. வண்டிக்குத் திரும்பிய பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் அடிக்கடி சோதனை செய்யலாம். அதற்கு அவர் எழுத்தில் சம்மதிக்கட்டும். ஒருமுறை வழுக்கி, அதையும் தானாக வந்து சொன்னால், மறுபடி சிகிச்சைக்கு அனுப்புங்கள். இந்த நோயில் அது அடிக்கடி நடக்கும்.

சங்கத் தலைவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒருவர் சிக்கிய பிறகு, எண்ணைக் குறைத்து எழுதச் சொல்லியோ வேறொருவரை ஊத வைத்தோ காப்பாற்றுவதை விட்டுவிடுங்கள். அப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் சிலரை ஐந்து வருடம் கழித்து, கல்லீரல் கெட்டுப்போன நிலையில் நான் பார்க்கிறேன். குடித்துவிட்டு வண்டி எடுத்தவருக்கும், விபத்து ஏற்படுத்தியவருக்கும் நான் சொன்ன பாதுகாப்பு எதுவும் பொருந்தாது. அதை நீங்களும் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இரு தரப்பும் உட்கார்ந்து எழுதிய வரைவை ஒவ்வொரு பணிமனையிலும் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் படித்து, கேள்வி கேட்டு, திருத்தம் சொன்ன பிறகு அதை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
குடிநோய் சிகிச்சை மருத்துவர் ஒருவர்