சொன்னதை மட்டும் எழுதுங்கள்: மதுரை மாவட்டக் காவல் ஆய்வாளர்களுக்கும் நிலைய எழுத்தர்களுக்கும் ஒரு மடல்

ஆய்வாளர்களுக்கும், சார்பு ஆய்வாளர்களுக்கும், நிலைய எழுத்தர்களுக்கும் வணக்கம்.

மதுரை நீதிமன்றங்களில் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் நான். சமீபத்தில் ஒரு கொலை வழக்கில், இறந்துபோன பையனின் தாய்க்காக அரசு வழக்கறிஞருக்கு உதவியாக இருந்தேன். எதிரி விடுதலையாகிவிட்டார். இரண்டு வாக்குமூலங்கள் கையில் இருந்தும் இரண்டுமே நிற்கவில்லை. எந்த நிலையம், யார் எழுதியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

மேலூர்ப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரை. இரவில் கழுத்திலும் தோளிலும் அரிவாள் வெட்டோடு அந்தப் பையனை 108-இல் ஏற்றி 9.15 மணிக்கு மருத்துவமனையில் சேர்த்தார்கள். 9.40-க்கு மூச்சுக்குழாய் வைத்தார்கள். 10.10-க்கு சிறப்பு சார்பு ஆய்வாளர் வந்து வாக்குமூலம் எழுதினார். ஒன்றரைப் பக்கம். ‘மேற்படி எதிரியானவர் முன்விரோதம் காரணமாக என்னை வழிமறித்து, கொலை செய்யும் எண்ணத்துடன்’ என்று போகிறது. விடியற்காலையில் பையன் இறந்துவிட்டான்.

குறுக்கு விசாரணையில் மருத்துவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். 10.10-க்கு அவரால் பேச முடியுமா? குழாய் இருக்கும்போது பேச முடியாது என்றார் மருத்துவர். ஆனால் நினைவு இருந்தது, கேட்டது புரிந்தது, தலையசைத்தார் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பகுதியைப் பிடித்துக்கொள்ள எங்களிடம் எதுவும் இல்லை. தலையசைத்ததாகக் காகிதத்தில் ஒரு வரி கூட இல்லையே. வெளியே வந்ததும் அந்த அதிகாரி என்னிடம், “பேரைச் சொல்லிக் கேட்டேன் சார், ஆமான்னு தலையை ஆட்டினான். அப்புறம் ஊர்க்காரங்க சொன்னதையும் சேர்த்து எழுதிட்டேன்” என்றார்.

அந்தத் தலையசைப்பே போதுமானதாக இருந்திருக்கும். 1885-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அப்துல்லா வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. துலாரி என்ற பெண்ணின் கழுத்தை அறுத்துவிட்டார்கள், பேச முடியவில்லை. கேள்வி கேட்கக் கேட்க கையசைத்தே பதில் சொன்னாள். கேள்வியையும் சைகையையும் சேர்த்துப் பார்த்தால் அது அவள் சொன்ன வாக்குமூலம்தான் என்றது நீதிமன்றம். ஆகவே ‘இன்ன கேள்வி கேட்டேன், தலையை மேலும் கீழும் அசைத்தார், இன்னொரு பெயரைச் சொன்னேன், இல்லை என்று அசைத்தார்’ என நாலு வரி எழுதியிருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும். சாகக் கிடந்தவன் சொன்ன உண்மையை அந்த ஒன்றரைப் பக்கம் மூடிவிட்டது.

போலீஸ்காரர் எழுதிய மரண வாக்குமூலம் செல்லாது என்று உங்களில் பலரே நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. இப்போதைய சாட்சிய சட்டத்தின் 26-ஆவது பிரிவு, அதாவது பழைய 32(1), யார் எழுத வேண்டும் என்று சொல்லவே இல்லை. தான் சாகப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் நம் சட்டம் கேட்பதில்லை. மருத்துவரின் சான்று இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது என்று 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. எழுதுபவருக்கு அவர் சுயநினைவோடு இருக்கிறார் என்ற திருப்தி இருந்தால் போதும். நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்பது 1958 குஷால் ராவ் வழக்கு. இவ்வளவு வலு இருப்பதால்தான் நீதிமன்றம் அதை அவ்வளவு உரசிப் பார்க்கிறது. சொன்னவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லையே.

நேரம் இருந்தால் நடுவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் வந்து உறவினர்களையும் உங்களையும் வெளியே அனுப்பிவிட்டு, பெயர் என்ன, எங்கே இருக்கிறாய் என்று கேட்டு நினைவைச் சோதித்து, கேள்வி பதிலாக எழுதுவார். நேரம் இல்லை என்றால் நீங்களே எழுதுங்கள், தயங்க வேண்டாம். ஏன் நடுவருக்குக் காத்திருக்க முடியவில்லை என்பதையும் ஒரு வரி குறித்துவையுங்கள். எழுதுவதற்கு முன்னால் விபத்துப் பதிவேட்டையும் சிகிச்சைக் குறிப்பையும் வாங்கி நேரத்தைப் பாருங்கள். பேசினால் அவர் பேச்சிலேயே எழுதுங்கள். ‘மேற்படி’ என்று எந்த மேலூர்ப் பையனும் வலியில் சொல்ல மாட்டான். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை எடுத்துவிடுகிறார்.

இனி இரண்டாவது காகிதம். மூன்றாம் நாள் எதிரியைப் பிடித்து நாலு பக்கம் ஒப்புதல் வாக்குமூலம் எழுதினார்கள். கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்து. பகை எப்படி வந்தது, எப்படித் திட்டம் போட்டான், எப்படி வெட்டினான் எல்லாம் அதில் உண்டு. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் என்பதால் அத்தனையும் 23-ஆவது பிரிவில் அடிபடும். மிஞ்சுவது பழைய 27-ஆவது பிரிவின் பகுதி மட்டும்: அவன் சொன்னதால் ஒரு பொருளோ இடமோ தெரியவந்தால், அதைத் தெரியவைத்த அந்த வார்த்தைகள்.

இதற்கு எல்லை போட்டது புலுக்குரி கோட்டய்யா வழக்கு. அங்கே ஓர் எதிரி, கூட்டமாக மறைந்திருந்து அடித்தோம் என்பதில் தொடங்கி முழுக் கதையும் சொன்னான். பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது, ஈட்டியையும் தன் தடியையும் ஊரில் இன்னாருடைய வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன், வந்தால் காட்டுகிறேன் என்ற வரிகளை மட்டும். அடித்தோம் என்றது போய்விட்டது. ஒளித்து வைத்த இடம் அவனுக்குத் தெரியும் என்பதுதான் நிரூபணம். அந்த ஆயுதத்தால்தான் வெட்டு விழுந்தது என்பதை ரத்தப் பரிசோதனையும் மற்ற சாட்சிகளும் தனியாகக் காட்ட வேண்டும்.

நம் வழக்கில் அரிவாள் கிணற்று மேட்டுக் கற்றாழைப் புதரில் கிடைத்தது. மகஜரில் வாக்குமூலம் பிற்பகல் 2 மணி. கிராம நிர்வாக அலுவலரோ கூண்டில் நின்று உண்மையைச் சொன்னார்: “12 மணிக்கே போன் பண்ணி, அரிவாள் கிடைச்சிருச்சு, கையெழுத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க.” முன்பே தெரிந்த இடத்தை அவன் சொல்லித் தெரிந்துகொண்டதாக ஆகாது. அவ்வளவுதான், அதுவும் போயிற்று. 12 மணிக்கு முன்னால் அவன் வாயால் சொல்லித்தான் எடுத்தார்களா, வேறு வழியில் எடுத்தார்களா என்று எனக்கும் கடைசி வரை தெரியவில்லை. அவன் சொன்னதும் சாட்சிகளை அழைத்து, அந்த இரண்டு வரியை நேரத்தோடு எழுதி, அதற்கப்புறம் கிணற்று மேட்டுக்குக் கிளம்பியிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. கைப்பற்றுவதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவும் சொல்கிறது. செல்போனில் எடுத்தாலே போதும், நேரம் அதிலேயே விழும்.

தீர்ப்பு வந்த அன்று அந்த அம்மா நீதிமன்றப் படியில் உட்கார்ந்து, “எம் புள்ள சொன்னது பொய்யாய்யா?” என்று கேட்டார். இல்லம்மா, அவன் சொன்னதை யாரும் எழுதவில்லை என்றேன்.