அம்மாவுக்கு, நேப்பிள்ஸ்ல இருந்து

அம்மா, நல்லா இருக்கியா? தம்பி, இத அம்மாவுக்கு நிதானமா வாசிச்சு காட்டுடா. இங்க குளிர் இறங்கிருச்சு, ரூம்ல இன்னொரு பொண்ணு இருக்கா, சிசிலிக்காரி, சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறையில்ல.

பிஎச்டிக்கு ஒரு மேடத்துக்கு மெயில் போட்டேன்மா, இத்தாலியன்லயே. நாலு நாள் ஆச்சு எழுத. உன்ன நீன்னு கூப்பிடுற மாதிரி இங்க 'தூ'ன்னு ஒண்ணு இருக்கு, மரியாதைக்கு 'லெய்', அதுக்கு நேர் அர்த்தம் 'அவ'ன்னு வரும், எதிர்ல நிக்கிறது ஆம்பள சாரா இருந்தாலும் லெய்தான். நான் ஆரம்பத்துல 'லே ஸ்க்ரீவோ', உங்களுக்கு எழுதுறேன்னு சரியா போட்டுட்டு, கீழ ஒரு எடத்துல உன்னோட ஆராய்ச்சின்னு தூல விட்டுட்டேன். ரூம்காரி பாத்து கத்துனா. பாதி நீங்க பாதி நீன்னு இருந்தா படிக்கிறவங்களுக்கு உடனே உறுத்துமாம். அதனால தி, துவா, துவோ எல்லாத்தையும் ஒவ்வொண்ணா தேடி மாத்துனேன். வேணும்ங்கிறதுக்கு 'வோல்யோ' போட்டிருந்தேன், அது அதட்டி கேக்குற மாதிரி இருக்காம், 'வொர்ரேய்'னு மாத்துனா.

ஆனா ஒரு தப்ப நானே கண்டுபிடிச்சேன், உன்னாலதான். இங்க கடலுக்கடியில பொசிடோனியான்னு புல்லு வெளி வெளியா கிடக்கு, ரொம்ப மெதுவா வளரும், படகு நங்கூரம் இழுத்துச்சுன்னா வேரோட பேந்து வந்துரும், நம்ம பக்கம் விசைப்படகு மடி புல்ல வாரிட்டு போற மாதிரிதான். ரெண்டையும் ஒப்பிட்டு பாக்கணும்னுதான் என் ப்ராஜெக்ட். இங்க நிறைய பேரு அத 'ஆல்கா', பாசின்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதிட்டேன். சின்னப்பாலத்துல நீ பாசி எடுக்கும்போது சொல்லுவியே, பாசிக்கு வேரு கிடையாது பாறைய புடிச்சு நிக்கும், புல்லு மண்ணுல வேரு விடும்னு. நடுராத்திரில அது ஞாபகம் வந்து எழுந்து 'பியாந்தா', செடின்னு மாத்துனேன். அந்த மேடம் புல்லையே படிச்சவங்க, மொத வரிலயே மூடி வச்சிருப்பாங்க.

இன்னொண்ணும் கேட்டுக்க. இங்க மேடம் சரின்னு சொன்னா மட்டும் சீட் கிடையாது. யூனிவர்சிட்டி அறிவிப்பு போடும், அப்ளை பண்ணி செலக்‌ஷன்ல ஜெயிக்கணும், ஜெயிச்சாலும் சில சீட்டுக்குத்தான் உதவித்தொகை. அதனால 'என்ன சேத்துக்கோங்க'ன்னு கேக்காம, 'தேர்வானா வழிகாட்டுவீங்களா'ன்னு கேட்டேன். ஒரு பக்கத்துல திட்டத்த எழுதி கூட வச்சிருக்கேன். செவ்வாக்கிழமை காலைல அனுப்புனேன், இன்னும் பதில் வரல.

தம்பி, கரையில ஒதுங்குன புல்லு வேரோட கிடந்தா பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கடல்ல கிடக்குறத பிடுங்காத.