ஆண்டுதோறும் என்று விற்ற அட்டை 2028 வரை திறக்காதாம்: லீப் நாள் சலுகை குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு வணக்கம்.

ஹிலிர் பேராக்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் டவுனில் உள்ள உங்கள் கிளையில் 2024 பிப்ரவரி 29 அன்று என் அப்பா பெயரில் வாங்கிய லீப் நாள் அட்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 29 வெள்ளி கொடுத்து வாங்கினோம். அடுத்த பிப்ரவரி 29 வரை ஆண்டுதோறும் பிறந்தநாளுக்கு ஒரு கேக் துண்டும் ஒரு பானமும் இலவசம் என்று பேனரிலும் எழுதியிருந்தது, அட்டையின் பின்பக்கமும் அச்சாகியிருக்கிறது. 2025 வந்தது, பிறந்தநாள் வந்தது, அட்டை திறக்கவில்லை. உங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதில், அப்பாவின் பிறந்த தேதி இந்த ஆண்டு வரவில்லை, அதனால் 2028-இல்தான் பயன்படுத்த முடியும் என்பது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

அன்றைய நாள் எப்படி இருந்தது என்று உங்கள் கிளையில் இருந்தவர்களைக் கேட்டாலே தெரியும். வியாழக்கிழமை. பேனரில் பெரிதாக நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் என்று போட்டு, யார் வந்தாலும் ஒரு பானம் வாங்கினால் இரண்டாவது 29 காசு, 29-இல் பிறந்தவரா வாருங்கள், இது உங்கள் நாள் என்று அழைத்திருந்தீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை ஐந்து காசுக்கு ஏற்றி இறக்கித்தான் வாங்குவார்கள், அதெல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. எங்கள் டவுனில் இப்படி ஒரு நாளைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் வாசலைத் தாண்டிப் போயிருக்கக் கூடியவர்கள்கூட, இன்று விட்டால் இன்னும் நான்கு வருஷம் என்று உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நல்ல யோசனை என்று நானே பல பேரிடம் சொன்னேன்.

அப்பா பிறந்தது 1964 பிப்ரவரி 29. ஐசி 640229 என்று ஆரம்பிக்கும். கவுண்டரில் இருந்த தங்கச்சி ஐசியை வாங்கிப் பார்த்ததும் அவளுக்கே சந்தோஷம், அங்கிளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் என்று உள்ளே இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டாள். கேக் துண்டின் மேல் 1, 5 என்று இரண்டு எண் மெழுகுவத்தி வைத்து, பக்கத்தில் அப்பா ஐசியைப் பிடித்தபடி நிற்க, கடைசி நான்கு எண்ணை அவளே கட்டைவிரலால் மறைத்து, படம் எடுத்து உங்கள் முகநூல் பக்கத்தில் போட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் குலை லாரி ஓட்டியவர், கடையில் யாரும் தன் பிறந்தநாளுக்குக் கைதட்டி அவர் பார்த்ததில்லை. எங்களுக்கு அது அறுபது முடிந்த வருஷமும்கூட. அவர் பிறந்த சோபகிருது ஆண்டே சுற்றி வந்திருந்தது, கோயிலில் மணிவிழாவும் வைத்திருந்தோம். அந்த மனநிலையில் இருந்தவரிடம்தான் உங்கள் ஆட்கள் இந்த அட்டையை வாங்கச் சொன்னார்கள், அதுவும் இது உங்களுக்காகவே செய்தது அங்கிள் என்று சொல்லி.

இப்போது 2025-க்கு வருகிறேன். பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். உங்கள் செயலியைத் திறந்தால் இலவச கேக், பானத்துக்கான பற்றுச்சீட்டின் மேல் பூட்டுப் படம், அதன் கீழே உங்கள் பிறந்தநாளுக்கு இன்னும் 1096 நாள் என்று இருந்தது. கிளை நிர்வாகி, ஒருவேளை மார்ச் 1-ஆம் தேதி திறக்கலாம், நாளைக்கு வாங்க அங்கிள் என்றார். மறுநாள் போனபோது அதே பூட்டு, 1095 நாள். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, அவரிடம் அதைத் திறக்க வழியே இல்லை, கணக்கு உங்கள் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று கணினி வேலையில் இருக்கும் என் தம்பியிடம் கேட்டேன். செயலி செய்வது இவ்வளவுதான் என்று அவன் சொல்கிறான்: பிறந்த தேதியில் இருக்கும் நாளையும் மாதத்தையும் எடுத்துக்கொண்டு, அதே நாளும் மாதமும் அடுத்து எப்போது வருகிறது என்று தேடும். மற்றவர்களுக்கு அது ஒரு வருஷத்துக்குள் கிடைத்துவிடும். 29/02 என்றால் 2025-இல் இல்லை, 2026-இல் இல்லை, 2027-இல் இல்லை, அதனால் நேராக 2028-க்குப் போய் நின்றுவிடும். தேதி இல்லாத ஆண்டில் எந்த நாளை எடுத்துக்கொள்வது என்று செய்தவர்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எழுதவில்லை. விற்பதற்கு முன்னால் 0229 என்று இருக்கும் ஒரே ஒரு ஐசியைப் போட்டு, அடுத்த வருஷம் என்ன காட்டும் என்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். லீப் நாளுக்காகவே செய்த அட்டையை லீப் நாளில் பிறந்த ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதை என்னால் எப்படி யோசித்தாலும் ஏற்க முடியவில்லை.

காசு கணக்கையும் பாருங்கள். உங்கள் விலைப்பட்டியலில் அப்பா சாப்பிடும் கேக் 13 வெள்ளி 90 காசு, லாத்தே 11 வெள்ளி 90 காசு, சேர்த்து 25 வெள்ளி 80 காசு. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அன்றைக்கு அதே அட்டையை அதே 29 வெள்ளிக்குத்தான் வாங்கினார். அவர் பிறந்தநாள் ஆகஸ்ட்டில். 2024 ஆகஸ்ட்டிலேயே ஒரு தடவை வாங்கிவிட்டார், 2025, 2026, 2027 என்று இன்னும் மூன்று தடவை வாங்குவார். நான்குக்கும் சேர்த்து 103 வெள்ளி 20 காசு. அப்பாவுக்கு 2028-இல் ஒரே தடவை, 25 வெள்ளி 80 காசு, அதாவது கொடுத்த காசைவிடக் குறைவு. அந்தத் தேதியில் பிறந்தவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் படத்தைப் போட்டு ஊரை அழைத்துவிட்டு, கடைசியில் அந்த அட்டையால் நஷ்டப்படுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

விதிமுறை 7-இல் பற்றுச்சீட்டு பிறந்த தேதியன்று மட்டுமே செல்லும் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, இருக்கிறது. ஆனால் அது செயலிக்குள்ளே, பொடி எழுத்தில். அட்டையிலும் பேனரிலும் ஆண்டுதோறும் என்றுதான் இருக்கிறது. பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்கு இந்த இரண்டும் ஒன்றாக நடக்கவே முடியாது, அது விற்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் அந்தத் தேதியை வைத்துத்தான் விளம்பரமே செய்தீர்கள். இது உலகத்தில் யாரும் யோசிக்காத சிக்கலும் இல்லை. வயது கணக்கிட ஹாங்காங் சட்டம் லீப் இல்லாத ஆண்டில் மார்ச் 1-ஐ எடுத்துக்கொள்கிறது, நியூசிலாந்தில் ஓட்டுநர் உரிமத்துக்கு பிப்ரவரி 28-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே அப்பாவுக்கு மாசி மாதத்தில் நட்சத்திரம் பார்த்து அர்ச்சனை செய்வதால், ஒரு வருஷமும் பிறந்தநாள் தவறியதில்லை. எந்த நாள் என்று நீங்கள் முடிவு செய்து முன்கூட்டியே சொன்னால் போதும். இன்னும் எளிதாக வேண்டுமானால், பிறந்த மாதம் முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிடுங்கள், பிப்ரவரி எல்லா வருஷமும் வருகிறது, அப்போது இந்தச் சிக்கலே இல்லை.

இதை எழுதும்போது அன்றைய ஏற்பாட்டில் இருந்த இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன், 2028-இல் நீங்கள் மறுபடியும் இதைச் செய்வீர்கள் என்பதால். இரண்டாவது பானம் 29 காசு என்பது காலை 8 முதல் 11 வரை மட்டும் இருந்தது. தோட்டத்தில் விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அதற்குப் பிறகு குலை வெட்டப் போனவர்கள் இறங்கி வரும்போது மதியம் தாண்டிவிடும். கோலாலம்பூரில் அலுவலகம் போகிறவர்களுக்குப் பொருந்துகிற நேரத்தை அப்படியே இங்கேயும் போட்டிருக்கிறீர்கள். மதியத்துக்குப் பிறகு வந்தவர்கள் பேனரைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். அதோடு, பிப்ரவரி 29 என்றால் மாதக் கடைசி, கையில் காசு வற்றியிருக்கும் நாள். சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்தான் வரும். 2028-இல் அந்த நாள் செவ்வாய்க்கிழமை வருகிறது. அன்றைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சீட்டு கொடுத்து, மார்ச் 10 வரை குடும்பத்தோடு வந்து பயன்படுத்தலாம் என்று வைத்தால், அந்த ஒரு நாளின் மதிப்பும் குறையாது, சம்பளம் வாங்கியவர்கள் திரும்பவும் வருவார்கள். உங்களுக்கும் அதுதானே வேண்டும்.

நான் கேட்பது இதுதான். 2025-க்கான கேக்கையும் பானத்தையும் அப்பாவுக்குக் கொடுங்கள். 2026, 2027-க்கு எந்தத் தேதியில் திறக்கும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அன்றைக்கு அட்டை வாங்கிய 0229 ஐசிக்காரர்கள் மற்ற கிளைகளிலும் இருப்பார்கள், அவர்கள் பதிவு உங்களிடம் இருக்கிறது, அவர்கள் புகார் எழுதும் வரை காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். இது எதுவும் முடியாது என்றால் 29 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகநூல் பக்கத்தில் இருந்து அப்பா படத்தை எடுத்துவிடுங்கள்.

14 நாளில் பதில் வேண்டும். வராவிட்டால், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு தவறான, திசைதிருப்பும் கூற்றுகளைத் தடை செய்வதைக் குறிப்பிட்டு, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். அங்கே மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞரும் தேவையில்லை. பேனரின் படம், அட்டையின் இரண்டு பக்கம், ரசீது, 1096 நாள் என்று காட்டும் செயலித் திரையின் படம், உங்கள் பதில் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அட்டைதாரரின் மகள்
ஹிலிர் பேராக்