என் வீட்டுக்காரிக்கும் எங்களோடு நின்றவர்களுக்கும்

புள்ள,

இந்த ஆவணியோடு நமக்குக் கல்யாணமாகி 25 வருசம். உனக்குச் சொல்ல வேண்டியதை வீட்டுக்குள் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் 2014ஆம் வருசம் நீ செய்ததும், அன்று நமக்குக் கைகொடுத்தவர்கள் செய்ததும் நம்ம லயத்து வீடுகளோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த வருசம் இலங்கை மலையகத்தில் நம்ம மஸ்கெலியாப் பக்கம் மழை விடவே இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கத்தி வழுக்கி என் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிய வெட்டியது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை செய்த ஒரு நாளைத்தான் தோட்டத்தில் ஒரு பேர் என்போம். எனக்குப் பேர் விழாத காலம் அது. உன் ஒரு பேரை வைத்துத்தான் நாலு வயிறும் நிறைய வேண்டும்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கைச் சொன்னால்தான் உன் பாடு புரியும். அப்போது ஒரு நாள் சம்பளம் 620 ரூபாய் என்பார்கள். அதில் அடிப்படை 450, விலைப் பங்கு 30, மீதி 140 வரவுக்கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாளில் நூற்றுக்கு 75 போனால்தான் அந்த 140 கிடைக்கும். ஒரு நாள் குறைந்தாலும் அந்த மாதம் முழுக்க அது இல்லை. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான். மழைக் கொழுந்து என்று தண்ணீருக்குக் கிலோ கழிப்பார்கள். அதனால் நீ சாயங்காலம் மற்றவர்கள் நிரையை விட்டு இறங்கிய பிறகும் நின்று பறிப்பாய். இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து ஒட்டியிருக்கும், விரல் வெடிப்பெல்லாம் கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்திருக்கும். அந்தக் கையோடு வந்துதான் என் கட்டை அவிழ்ப்பாய்.

ஒரு ராத்திரி புண்ணைப் பார்த்துவிட்டு ஓரத்தை விரலால் அழுத்தினாய். "வலிக்குதா?" என்றாய். இல்லை என்றேன். வலி குறைந்தது என்று எனக்குச் சந்தோசம். உன் முகம் மாறிவிட்டது. ஓரம் கறுத்திருந்தது, வாடையும் வேறாக இருந்தது. இவ்வளவு பெரிய புண்ணில் வலி இல்லாமல் போவது நல்லதில்லை என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

மறுநாள்தான் அந்த மாதக் கடைசி வேலைநாள். தோட்டம் கொடுத்தது 25 நாள். நூற்றுக்கு 75 என்றால் 19 பேர் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், விடாத மழை என்று உனக்கு 18தான் விழுந்திருந்தது. மலைக்குப் போயிருந்தால் 19 பேருக்கு 11,780 ரூபாய். போகாவிட்டால் 140 இல்லாமல் 480 வீதம் 18 பேருக்கு 8,640. ஒரு நாளுக்கு 3,140 ரூபாய் போகும் என்று தெரிந்தே நீ விடியற்காலை என்னை எழுப்பினாய். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். சீனி வருத்தம் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. அதனால்தான் புண் ஆறவில்லை. நரம்பு செத்து வலியும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். அழுகின சதையை வெட்டி எடுத்து, ஊசி மருந்து போட்டு, கால் தப்பியது. இன்று இரண்டு காலில் நடக்கிறேன் என்றால் அந்த ஒரு பேரை நீ விட்டதால்தான்.

மேல் லயத்து மாமா என்னை முதுகில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோனார். பிள்ளை மடுவத்து ஆயம்மா பொழுது சாய்ந்த பிறகும் சின்னவனைத் தன் வீட்டில் வைத்துச் சோறு ஊட்டினார். அடுத்த மாதம் கிளினிக் நாளெல்லாம் மாமாவே என்னோடு வந்தார், உனக்கு இன்னொரு பேர் உடையக் கூடாது என்று. நிரையில் உன் பக்கத்தில் நின்ற சித்தி, நிறுவைக்கு முன்னால் தன் கொழுந்தில் இரண்டு பிடி அள்ளி உன் கூடையில் போட்டதை நீ பல வருசம் கழித்துத்தான் சொன்னாய். சீட்டுப் பிடித்த அக்கா தனக்கு விழுந்த சீட்டை நமக்குக் கொடுத்தார். கடை முதலாளி கொப்பியில் எழுதிக்கொண்டே போனார், ஒரு நாளும் வாசலில் வந்து நிற்கவில்லை.

பிறகும் கஷ்டம் வந்தது. 2022இல் மண்ணெண்ணெய்க்கு நின்றோம், மாவு விலை ஏறி ரொட்டியைப் பாதியாக்கினோம். அதையெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து தாங்கினோம். 2014ஐ நீ தனியாகத் தாங்கினாய்.

உனக்கு நன்றி, புள்ள. மாமா, சித்தி, அக்கா, ஆயம்மா, முதலாளி, ஆஸ்பத்திரியில் என் காலைக் காப்பாற்றிய டாக்டர், நர்ஸ்மார் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வருகிற ஞாயிறு மாரியம்மன் கோயிலில் பூசை வைத்திருக்கிறோம். முடிந்ததும் நம்ம வீட்டில் சாப்பாடு. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்.